தட்டில் நாலு விதை

“கண்ணு, இதுல எது ஆளி விதை? பொடி பண்ணி வெக்கோணும்” என்று கோவையிலிருந்து அத்தை வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தார். எவர்சில்வர் தட்டில் நாலு குவியல். சில்லறையாக வாங்கியதால் உறையில் பெயர் இல்லை. தட்டின் பளபளப்பில் சின்ன விதைகள் இரண்டும் வெறும் பழுப்புத் திட்டுகளாகத்தான் தெரிந்தன. வெள்ளைத் தாளில் ஒவ்வொன்றிலும் பத்து விதையைப் பரப்பி, பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் ஃபிளாஷ் இல்லாமல் மறுபடி எடுக்கச் சொன்னேன்.

நாணயம் ரொம்ப முக்கியம். செல்பேசிப் படத்தில் நிறம் மாறும், அளவு தெரியாது. ஒரு ரூபாய் நாணயம் குறுக்கே ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர். அதன் விட்டத்துக்கு நேராகச் சியா விதையை அடுக்கினால் பத்து நிற்கும். ஆளி விதை நாலைந்துதான். சூரியகாந்திப் பருப்பு இரண்டு, பூசணிப் பருப்பு ஒன்றரை. இந்தக் கணக்கிலேயே நாலும் பிரிந்துவிடும்.

பெரியவை இரண்டிலும் சந்தேகத்துக்கு இடமில்லை. தட்டையாக, ஒரு முனை கூராக, பாசிப்பச்சையாக இருப்பது பூசணிப் பருப்பு. நம் வீட்டுப் பரங்கிக்காயை வெட்டினால் வருவது வெள்ளை ஓடு. உள்ளே இருக்கும் பச்சைதான் கடையில் கிடைப்பது. சாம்பல் கலந்த வெண்மையாக, கொஞ்சம் பருமனாக இருப்பது ஓடு நீக்கிய சூரியகாந்தி. ஓட்டோடு இருந்தால் கறுப்பு வெள்ளைக் கோடு காட்டிக்கொடுத்துவிடும்.

சின்னவற்றில் ஆளியை அதன் பளபளப்பே சொல்லும். மெருகு போட்டதுபோல் வழவழவென்று, தட்டையாக, ஒரு நுனி லேசாக வளைந்திருக்கும். பழுப்பும் உண்டு, பொன்னிறமும் உண்டு. பொன்னிறத்தை வெள்ளை எள்ளென்று நினைப்பவர்கள் அந்த மெருகைப் பார்க்க வேண்டும். எள்ளுக்கு அது கிடையாது.

உண்மையான குழப்பம் சியாவுக்கும் சப்ஜாவுக்கும்தான். சப்ஜா என்பது திருநீற்றுப்பச்சிலை விதை; சர்பத்திலும் ஃபலூடாவிலும் மிதப்பது. அது ஒரே கறுப்பாக, மங்கலாக இருக்கும். சியாவைப் பெரிதாக்கிப் பார்த்தால் சாம்பல் நிறத்தின்மேல் கரும்பழுப்பு நரம்போட்டம் தெரியும். நடுநடுவே வெள்ளை விதைகளும் கிடக்கும். படம் மங்கலென்றால் கண்ணால் முடிவுகட்ட வேண்டாம். ஒரு ஸ்பூன் விதையை அரை டம்ளர் தண்ணீரில் போட்டால், சப்ஜா சில நிமிடங்களிலேயே உப்பி, ஒவ்வொரு விதையைச் சுற்றியும் தனித்தனியாக வெள்ளைத் திரை கட்டும். சியா கால் மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு, மொத்தமாகக் கூழாகும்.

அத்தையின் படத்தில் மூன்றாவது குவியல் ஆளி. “பொடியை மொத்தமா அரைச்சு டப்பால போட்றாதீங்க அத்தே” என்று உடனே எழுதினேன். ஆளி விதையில் நூற்றுக்கு நாற்பது பங்கு எண்ணெய். அதில் பாதிக்குமேல் ஒமேகா-3 வகைக் கொழுப்பு. காற்றுப் பட்டால் மற்ற எண்ணெய்களைவிட வேகமாகக் கெடுவது இதுதான். முழு விதையில் கெட்டித் தோல் காவல் இருப்பதால், ஈரமில்லாத மூடிய டப்பாவில், அடுப்புக்கு எட்ட, வெளியிலேயே பல மாதம் தாங்கும். அரைத்த நிமிடமே அந்தக் காவல் போய்விடுகிறது. அதனால் ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அரைத்து, காற்றுப் புகாத பாட்டிலில் ஃப்ரிட்ஜில் வைப்பதே சரி.

சியாவும் முழுதாக இருக்கும்வரை வெளியில் தாங்கும். ஆனால் ஈர ஸ்பூன் பட்டால் கட்டிகட்டியாக ஒட்டிக்கொள்ளும்.

சூரியகாந்தியும் பூசணியும் கடையிலேயே ஓடு இழந்து வருபவை. நம் கோடை வெயிலில் இரண்டு மாதத்துக்குமேல் வெளியில் நம்ப முடியாது. கால் கிலோவுக்குமேல் வாங்காமல், வாங்கியதை ஃப்ரிட்ஜில் வைத்தால் ஆறு மாதம் வரும். வறுத்தது பச்சையைவிடச் சீக்கிரம் கெடும். ஆகையால் தின்னும்போது வறுத்துக்கொள்வது நல்லது.

கெட்டதா என்பதை எந்தப் படமும் சொல்லாது. நாலு விதையை மென்று பார்க்க வேண்டும். நல்லது மெல்ல இனிக்கும். கெட்டதில் பழைய எண்ணெயின் சிக்கு வாடையும், நாக்கின் பின்புறம் கசப்பும் நிற்கும். ஆளி என்றால் பெயின்ட் வாடையே வரும். ஓவியர்களின் எண்ணெய் வண்ணத்தில் சேர்ப்பது இதே ஆளி எண்ணெய்தான். சிக்கு ஏறியதை வறுத்தாலும் சரிவராது, கொட்டிவிட வேண்டும். டப்பாவில் நூலாம்படை மாதிரி ஒட்டடை தெரிந்தால் அந்துப்பூச்சி வந்திருக்கிறது. அதையும் வைத்துக்கொள்ளக் கூடாது.

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டிலை உடனே திறக்காமல், அரை மணி நேரம் மூடியபடியே மேசைமேல் விட்டுவிடுங்கள். குளிர்ந்த விதைமேல் வெளிக்காற்றின் ஈரம் படிந்தால், அடுத்த வாரம் பூஞ்சணம் பிடிக்கும்.