14 நாளா, 10 மாதமா?

மொட்டைமாடித் தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதைக் கீழே உட்கார்ந்தபடி கைப்பேசியில் பார்க்க ஒரு சின்னக் கருவி போதும். வைஃபை உள்ள ஒரு இ.எஸ்.பி-32 போர்டு, ஒலியை அனுப்பி அது திரும்பும் நேரத்தை வைத்து நீர்மட்டம் அளக்கும் ஒரு சென்சார், ஒரு 18650 லித்தியம் பேட்டரி. கல்லூரி மாணவர்களே ஒரு ஞாயிற்றுக்கிழமையில் செய்துவிடுகிறார்கள். சிக்கல் அதன் பிறகுதான். சிப்பைப் பற்றிய தகவல் தாளில், ஆழ்ந்த தூக்கத்தில் 10 மைக்ரோஆம்பியர் மட்டுமே இழுக்கும் என்று போட்டிருக்கிறது. பேட்டரியின் மேல் 2500 மில்லிஆம்பியர்-மணி என்று அச்சிட்டிருக்கிறது. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் 2,50,000 மணி, அதாவது 28 ஆண்டு வருகிறது. மாடியில் மாட்டிய கருவியோ இரண்டு வாரத்தில் படுத்துவிடுகிறது.

வகுத்தல் தப்பில்லை, வகுத்த எண்தான் தப்பு. கருவி எப்போதும் தூங்கிக்கொண்டே இருப்பதில்லை. தூங்கும்போதும் சிப் மட்டும் தனியாக மின்சாரம் இழுப்பதில்லை. இந்த இரண்டையும் சேர்த்துக்கொண்டால் ஒரு பேட்டரி எத்தனை நாள் வரும் என்பதை ஒரு துண்டுத் தாளில் ஓரளவு சரியாகவே சொல்லிவிடலாம்.

முதலில் விழித்திருக்கும் நேரத்தைப் பார்ப்போம். கருவி 10 நிமிடத்துக்கு ஒருமுறை எழுகிறது. நீர்மட்டத்தை அளந்து, வீட்டு ரூட்டரோடு இணைந்து, எண்ணை அனுப்பிவிட்டுத் திரும்பத் தூங்குகிறது. இதற்கு 5 வினாடி ஆகிறது என்று கொள்வோம். அலையை அனுப்பும் கணங்களில் மின்னோட்டம் 240 மில்லிஆம்பியர் வரை எகிறும், மற்ற நேரத்தில் அதைவிடக் குறைவு. 5 வினாடிக்கும் சராசரி 120 என்று வைத்துக்கொள்ளலாம். 120-ஐ 5-ஆல் பெருக்கினால் 600. ஒருமுறை விழிப்பதற்கான செலவு இதுதான், 600 மில்லிஆம்பியர்-வினாடி. இதை 10 நிமிடம், அதாவது 600 வினாடிக்குப் பரப்பினால் சராசரி 1 மில்லிஆம்பியர் வருகிறது. மொத்த நேரத்தில் எத்தனை பங்கு விழித்திருக்கிறது என்பதைத் துறைக்காரர்கள் டியூட்டி சைக்கிள் என்பார்கள். இங்கே அது 600-இல் 5, ஒரு சதவீதம்கூட இல்லை. ஆனாலும் அந்த 5 வினாடியின் செலவு, தூங்கும் 595 வினாடியில் சிப் இழுப்பதைப் போல நூறு மடங்கு.

பேட்டரியிலும் 2500 முழுவதும் நமக்குக் கிடைக்காது. சார்ஜ் குறையக் குறைய மின்னழுத்தம் இறங்கும். வைஃபை ஒரு கணம் 240 மில்லிஆம்பியர் கேட்கும்போது அது இன்னும் தொய்ந்து சிப் ரீசெட் ஆகிவிடும். பேட்டரியில் மிச்சம் இருக்கும், பயன்படாது. ஐந்தில் நான்கு பங்கு, 2000 என்று எடுத்துக்கொள்வது நியாயமானது. 2000-ஐ 1.01-ஆல் வகுத்தால் 1980 மணி, 82 நாள். 28 ஆண்டு போய் 82 நாளாகிவிட்டது. ஆனாலும் 14 நாளுக்கு இது விடை அல்ல.

விடை போர்டில் இருக்கிறது. கடையில் கிடைக்கும் பல போர்டுகளில் சிப்புக்கு 3.3 வோல்ட் கொடுக்க ஏ.எம்.எஸ்-1117 என்ற ரெகுலேட்டரைப் பொருத்தியிருக்கிறார்கள். விலை மலிவு, யூ.எஸ்.பி-யில் ஓட்டினால் குறை சொல்ல முடியாது. ஆனால் சிப் தூங்கினாலும் விழித்தாலும் அது தன் சொந்தச் செலவுக்கென்று சுமார் 5 மில்லிஆம்பியர் எடுத்துக்கொள்ளும். சிப் தூங்கும்போது இழுப்பதைப் போல 500 மடங்கு! லித்தியம் பேட்டரிக்கு அது பொருந்தவும் செய்யாது. 3.3 வோல்ட்டை ஒழுங்காகக் கொடுக்க அதற்கு உள்ளே 4.4 வோல்ட் அளவுக்கு வேண்டும், முழு சார்ஜில் இருக்கும் பேட்டரியே 4.2 வோல்ட்தான். போர்டில் எப்போதும் எரியும் சிவப்பு விளக்கு, சும்மா இருக்கும்போதே சுமார் 2 மில்லிஆம்பியர் இழுக்கும் சென்சார் இரண்டையும் இப்போதைக்கு விட்டுவிடுவோம். ரெகுலேட்டரை மட்டும் சேர்த்தாலே மொத்தம் 6 மில்லிஆம்பியர், 333 மணி. பதினான்கு நாள் நிரம்பவில்லை.

இந்த இடத்தில் பலரும் செய்வது, கருவியை அடிக்கடி எழுப்பாமல் விடுவது. தொட்டித் தண்ணீரை 10 நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டியதில்லைதான். மணிக்கு ஒருமுறை போதும் என்று மாற்றினால் விழிப்பின் சராசரி 1 மில்லிஆம்பியரிலிருந்து 0.167 ஆகக் குறைகிறது. ஆறில் ஒரு பங்காகிவிட்டது, பேட்டரி ஆறு மடங்கு நாள் வர வேண்டாமா? வராது. ரெகுலேட்டரின் 5 அப்படியே இருக்கிறது. மொத்தம் 5.18 மில்லிஆம்பியர், 16 நாள். கிடைத்த லாபம் இரண்டு நாள்தான். ரெகுலேட்டரை மட்டும் மாற்றியிருந்தால், அதே மணிக்கு ஒருமுறை கணக்கில் 0.177 மில்லிஆம்பியர், 15 மாதத்துக்கு மேல். ஒழுகும் குழாயை விட்டுவிட்டு வாளியில் மொள்ளுவதைக் குறைத்தால் தொட்டி நிறையுமா? கணக்குப் போடும்போது விழிப்பின் பங்கையும் தூக்கத்தின் பங்கையும் தனித்தனியே எழுதி, எது பெரிதோ அதில்தான் முதலில் கை வைக்க வேண்டும்.

தூக்கத்தின் பங்கு எவ்வளவு என்பதை யாருடைய தாளையும் நம்பாமல் அளந்துவிடுவது நல்லது. இதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. மல்டிமீட்டரை மைக்ரோஆம்பியர் அளவுக்குத் திருப்பி பேட்டரி வயரில் தொடராக இணைத்தால், மீட்டருக்குள் இருக்கும் மின்தடையும் சுற்றில் சேர்ந்துகொள்ளும். தூங்கும்போது அது பொருட்டில்லை. கருவி முதலில் விழித்து 100 மில்லிஆம்பியருக்கு மேல் கேட்கும்போது மின்னழுத்தமெல்லாம் அந்தத் தடையிலேயே தொலைந்துபோகும். சிப் ரீசெட் ஆகும், மறுபடி விழிக்கும், மறுபடி ரீசெட் ஆகும், தூங்கவே போகாது. மீட்டரில் எண் நிற்காமல் ஆடினால் பெரும்பாலும் இதுதான் காரணம். மீட்டரின் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே ஒரு வயரை வைத்து கருவியைத் தூங்கப் போகவிட்டு, பிறகு வயரை எடுத்தால் உண்மையான எண் தெரியும். அடுத்த விழிப்புக்குள் வயரைத் திரும்ப வைக்க மறந்தால் மீட்டரின் ஃபியூஸ் போகவும் வாய்ப்புண்டு.

அளந்து பார்த்து ரெகுலேட்டரை மாற்றுகிறோம். தனக்கு 4 மைக்ரோஆம்பியர் போதும் என்னும் வகைகள் கிடைக்கின்றன. வைஃபையின் உச்சத்தைத் தாங்கும் அளவுக்கு அரை ஆம்பியர் கொடுப்பதாகப் பார்த்து வாங்க வேண்டும். விளக்கைப் பிடுங்கிவிடலாம். சென்சாருக்குப் போகும் மின்சாரத்தை ஒரு மாஸ்ஃபெட் வழியாக விட்டு, அளக்கும் நேரத்தில் மட்டும் திறக்கலாம். பேட்டரியின் மின்னழுத்தத்தைப் பார்க்க இரண்டு 100 கிலோஓம் தடைகளைத் தொடராகப் போட்டிருந்தால், அந்த இரண்டு குட்டித் தடைகளும் ஓயாமல் 20 மைக்ரோஆம்பியரைக் குடிக்கும். தூங்கும் சிப்பைவிட இரண்டு மடங்கு.

பேட்டரியும் சும்மா இருக்கும்போதே கரையும். நல்ல லித்தியம் பேட்டரி அறை வெப்பத்தில் மாதத்துக்கு 2 சதவீதம் இழக்கிறது என்று வைத்தால், 50 மில்லிஆம்பியர்-மணி. 720 மணிக்குப் பரப்பினால் 70 மைக்ரோஆம்பியர். யாரும் இழுக்காத மின்னோட்டம், ஆனால் கணக்கில் வந்தே தீரும். சித்திரை வெயிலில் மாடியில் கிடக்கும் பெட்டிக்கு இது இன்னும் கூடும். ஆகவே பெட்டியைத் தொட்டியின் நிழலில் கட்டுவது நல்லது. எல்லாவற்றையும் கூட்டினால் விழிப்புக்கு 167, சிப்புக்கு 10, ரெகுலேட்டருக்கு 4, தடைகளுக்கு 20, தானே கரைவதற்கு 70, ஆக 271 மைக்ரோஆம்பியர். 307 நாள், பத்து மாதம். 9900 மில்லிஆம்பியர்-மணி என்று போட்டு விற்கும் 18650-ஐ வாங்கி இதை நான்கு மடங்காக்கிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். அந்த அளவில் கிடைக்கும் மிக நல்ல பேட்டரியிலேயே 3500-ஐ ஒட்டித்தான் இருக்கும். மற்றதெல்லாம் அச்சுக்காரர் கைவண்ணம்.

பத்து மாதக் கணக்கை ஒரே மாலையில் கவிழ்க்கக்கூடிய ஒன்று இன்னும் இருக்கிறது: மின்வெட்டு. கரண்ட் போனால் ரூட்டரும் அணையும். மாடியில் இருக்கும் கருவிக்கு அது தெரியாது. எழுந்து இணையப் பார்க்கும், கிடைக்காது, மறுபடி பார்க்கும். இணையும் வரை காத்திரு என்று நிரலில் எழுதியிருந்தால் தூக்கமே கிடையாது. 2 மணி நேரம் 120 மில்லிஆம்பியர் போனால் 240 மில்லிஆம்பியர்-மணி. இந்தக் கருவியின் வழக்கமான ஒரு நாள் செலவு, பேட்டரி தானே கரைவதைச் சேர்த்தாலும் 6.5தான். ஒரு மின்வெட்டு ஐந்து வாரச் சார்ஜைத் தின்றுவிடும். காத்திருக்க ஓர் எல்லை வைத்தால் போதும்:

```
unsigned long t = millis();
while (WiFi.status() != WL_CONNECTED && millis() - t < 10000)
  delay(100);
if (WiFi.status() == WL_CONNECTED) sendLevel();
esp_sleep_enable_timer_wakeup(3600ULL * 1000000ULL);
esp_deep_sleep_start();
```

10 வினாடி பார்க்கும், இணைந்தால் `sendLevel` என்று நாம் எழுதி வைத்திருக்கும் பகுதி எண்ணை அனுப்பும், இல்லாவிட்டால் பேசாமல் ஒரு மணி நேரம் தூங்கும். மின்வெட்டில் வீணாவது ஒரு விழிப்புக்கு 0.33 மில்லிஆம்பியர்-மணி மட்டும்.

கசிவுகளை எல்லாம் அடைத்த பிறகு இப்போது விழிப்பின் பங்குதான் பெரிது. ஆகவே அதைச் சுருக்குவதில் இனி பலன் உண்டு. கருவிக்கு நிலையான ஐ.பி. முகவரி கொடுத்து, ரூட்டரின் சேனலையும் நினைவில் வைக்கச் செய்தால் இணைய ஆகும் நேரம் நன்றாகக் குறையும். 5 வினாடி 2 வினாடியானால் 307 நாள் 480-ஐத் தாண்டும். இதே வேலையை ஐந்து மில்லிஆம்பியர் கசியும் போர்டில் செய்திருந்தால் கிடைத்திருப்பது ஒரு நாள்கூட இல்லை.

கணக்கு பலிக்கிறதா என்று பார்க்க, நீர்மட்டத்தோடு பேட்டரியின் வோல்ட்டையும் சேர்த்து அனுப்பச் சொல்லலாம். ஆனால் முதல் வாரத்தை வைத்துப் பயந்துவிடக் கூடாது. லித்தியம் பேட்டரி 4.2-லிருந்து ஆரம்பத்தில் சற்று வேகமாக இறங்கும், 3.7-ஐ ஒட்டி மாதக்கணக்கில் அசையாமல் நிற்கும், கடைசியில் சரிந்து விழும். முதல் இறக்கத்தை அப்படியே நீட்டிக் கணக்குப் போட்டால் நாள் குறைவாகத் தெரியும், நடுவில் நிற்பதை நீட்டினால் என்றென்றைக்கும் ஓடும் போலத் தெரியும். நம்ப வேண்டியது மின்னோட்டக் கணக்கைத்தான். வோல்ட் 3.6-க்குக் கீழே போனால் கைப்பேசிக்குச் செய்தி வரும்படி வைத்துக்கொண்டால், மாடி ஏறிப் பேட்டரியை மாற்றச் சில வாரம் அவகாசம் இருக்கும்.