வலிக்காத புண்

சர்க்கரை நோயாளியின் உள்ளங்காலில் புண் வந்திருப்பதை முதலில் கண்டுபிடிப்பவர் பெரும்பாலும் அவராக இருப்பதில்லை. தரையில் ரத்தத் தடத்தைப் பார்த்துவிட்டு மனைவி கேட்பார், அல்லது ஷூவைக் கழற்றும்போது அடிக்கிற வாடை காட்டிக்கொடுக்கும். செருப்பைத் துளைத்து ஏறிய ஆணியோடு நாள் முழுக்க நடந்துவிட்டு வருகிறவர்கள் உண்டு. "வலிக்கவே இல்லையே டாக்டர், அதனால சும்மா இருந்துட்டேன்" என்பதுதான் அவர்கள் சொல்கிற காரணம். சர்க்கரை நோயில் கால் பறிபோவதற்கான வழி பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

ரத்தத்தில் பல வருடங்கள் சர்க்கரை கூடுதலாக இருந்தால் நீளமான நரம்புகள் முதலில் கெடும். உடம்பிலேயே நீளமானவை கால் விரல்வரை போகிறவை. ஆரம்பத்தில் எரிச்சல், மதமதப்பு, மெத்தையின் மேல் நடக்கிற மாதிரி ஓர் உணர்வு எல்லாம் இருக்கும். சிலருக்கு அதுகூட இருக்காது. நடந்து போகும்போது ஒரு செருப்பு நழுவி விழுந்ததே தெரியாமல் பத்தடி போய்விட்டுத் திரும்பி வந்து எடுத்தேன் என்று யாராவது சொன்னால், அவருடைய பாதம் மரத்துவிட்டது என்றே வைத்துக்கொள்ளலாம். வியர்வைக்கான நரம்புகளும் கெடுவதால் தோல் காய்ந்து குதிகாலில் வெடிப்பு வரும். பாதத்துக்குள் இருக்கிற சின்னத் தசைகள் மெலிந்து விரல்கள் மடங்கிக்கொள்ளும். அப்போது உடம்பின் பாரமெல்லாம் விரல்களுக்குக் கீழே இருக்கிற எலும்பு முனைகளில் விழும்.

வலி போனால் பாதத்துக்கு என்ன ஆகும் என்பது தெளிவாகத் தெரியவந்ததற்கும் வேலூருக்கும் தொடர்பு உண்டு. 1946-இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் நோயால் தாமாக அழுகி உதிர்கின்றன என்ற நம்பிக்கையை ஏற்கவில்லை. வலி தெரியாததால் சூடான பாத்திரத்தைப் பிடிப்பது, புண்ணோடு நடப்பது என்று அவர்களே அறியாமல் நாள்தோறும் காயப்படுத்திக்கொள்வதைக் கண்டார். தூங்குகையில் எலி கடித்ததுகூடச் சிலருக்குத் தெரியவில்லை. பின்னாளில் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குப் போன பிராண்ட், தொழுநோயாளிகளின் காலுக்குச் செய்ததையே சர்க்கரை நோயாளிகளின் காலுக்கும் செய்தார். காரணமான நோய் வேறு என்றாலும், மரத்துப்போன பாதம் கெடுகிற விதம் ஒன்றுதான்.

உங்கள் பாதத்தில் உணர்வு இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்க ஒரு முறை இருக்கிறது. இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகர மருத்துவர்கள் வகுத்தது. நீங்கள் கண்ணை மூடிப் படுத்துக்கொள்ள வேண்டும். வீட்டில் ஒருவர் தன் ஆள்காட்டி விரல் நுனியால் உங்கள் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை இரண்டு காலிலும் முன்பின் வரிசையில் ஒவ்வொன்றாக லேசாகத் தொட வேண்டும். ஒரு நொடி, மிஞ்சினால் இரண்டு நொடி. அழுத்தவோ தட்டவோ தடவவோ கூடாது. தொட்டதும் "வலது", "இடது" என்று நீங்கள் சொல்ல வேண்டும். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாமல் போனால் பாதுகாப்பு உணர்வு போய்விட்டது என்று பொருள். மருத்துவமனையில் இதையே 10 கிராம் அழுத்தத்தில் வளைகிற ஒரு நைலான் இழையை வைத்துப் பார்ப்பார்கள். சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் நரம்பு மேலும் கெடுவது மட்டுப்படும். முழுதாகப் போன உணர்வு திரும்புவது அரிது. ஆகவே வலி செய்துவந்த வேலையை இனிக் கண்ணும் கையும்தான் செய்தாக வேண்டும்.

ஒரு டீ மாஸ்டரை எடுத்துக்கொள்வோம். இவர் தனி ஆள் இல்லை, பாத சிகிச்சைப் பிரிவில் திரும்பத் திரும்பப் பார்க்கக்கூடிய ஒரு மாதிரி. வயது 52, சர்க்கரை வந்து 12 வருடம். விடிகாலை நான்கு மணியிலிருந்து ஹவாய் செருப்போடு அடுப்பு முன்னால் நின்றபடி வேலை. பெருவிரல் அடியில், நடக்கும்போது தரையில் ஊன்றுகிற மேட்டில் தோல் காய்த்துத் தடித்துப்போயிருக்கிறது. அந்தக் காய்ப்பு வெறும் தோல்தானே என்று விடுவதற்கில்லை. காலுக்கு அடியில் ஒரு கூழாங்கல்லை ஒட்டிவைத்தது போல அது உள்ளே இருக்கிற சதையை ஒவ்வோர் அடிக்கும் எலும்போடு நசுக்குகிறது. அவரோ ஞாயிற்றுக்கிழமை தோறும் பிளேடால் சீவுகிறார், மருந்துக் கடையில் கால் ஆணி பிளாஸ்திரி வாங்கி ஒட்டுகிறார். அந்தப் பிளாஸ்திரியில் இருக்கிற அமிலத்துக்குக் காய்ப்பு எது, நல்ல தோல் எது என்று தெரியாது, இரண்டையும் அரிக்கும்.

ஒருநாள் காய்ப்பின் நடுவே மிளகளவு கரும்புள்ளி தெரிகிறது. அது உள்ளே கசிந்து உறைந்த ரத்தம். மேல்தோல் மூடியிருந்தாலும் அடியில் புண் உருவாகிக்கொண்டிருக்கும். இதைப் பார்த்தவுடன் பயிற்சி உள்ளவரிடம் போய்க் காய்ப்பைச் சீவி, செருப்பை மாற்றியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவர் போகவில்லை. சில வாரத்தில் தோல் திறந்து ஒரு குழி தெரிகிறது. இப்போது பக்கத்துக் கிளினிக்கில் ஒருநாள் விட்டு ஒருநாள் டிரெஸ்ஸிங். கட்டிவிட்டு அந்தக் காலாலேயே நடந்து கடைக்குப் போகிறார். இரண்டு மாதம் ஆகியும் புண் அப்படியே இருக்கிறது. களிம்பை மாற்றுகிறார்கள், மாத்திரையை மாற்றுகிறார்கள்.

இங்கே தப்பு களிம்பில் இல்லை. புண்ணின் மேல் ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான அடி வைத்தால் எந்த மருந்துக்கும் ஆறாது. உள்ளங்கால் புண்ணுக்கு முதல் சிகிச்சை அதன்மேல் விழுகிற பாரத்தை எடுப்பதுதான். கழற்ற முடியாத மாவுக்கட்டு அதற்கு மிகச் சிறந்த வழி: பாதத்தோடு முழுக்க ஒட்டிய மாதிரி முழங்காலுக்குக் கீழ்வரை போட்டு, பாரத்தைப் பாதம் முழுவதற்கும் கெண்டைக்காலுக்கும் பிரித்துவிடுவார்கள். வாரம் ஒருமுறை பிரித்து, புண்ணைப் பார்த்து, மறுபடி போடுவார்கள். அமெரிக்காவில் 2001-இல் வெளியான ஓர் ஆய்வில், இப்படிக் கட்டுப் போட்டவர்களில் சுமார் 90 சதவீதம் பேருக்கு 12 வாரத்துக்குள் புண் ஆறியது. பாதிப் பாதம் மட்டும் ஊன்றுகிற காலணி கொடுத்தவர்களில் அது 60 சதவீதத்தை எட்டவில்லை. கழற்றி மாட்டுகிற வகையும் இருக்கிறது, ஆனால் மனிதர்கள் கழற்றிவிடுகிறார்கள். இன்னோர் ஆய்வில் ரகசியமாக அடிகளை எண்ணிப் பார்த்தபோது, நோயாளிகள் வைத்த அடிகளில் 28 சதவீதம்தான் அந்தச் சாதனத்தோடு வைத்தவை. வலி இல்லாதவருக்குக் கட்டின் அவசியம் உறைப்பதில்லை என்பதால் அவர்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை.

"கட்டுப் போட்டா கடையை யாரு பாக்குறது?" என்று நம் டீ மாஸ்டர் கேட்பது நியாயமான கேள்விதான். அந்த ஆய்வில் மாவுக்கட்டோடு ஆறியவர்களுக்குச் சராசரியாக ஐந்து வாரம் போல ஆனது. இரண்டு மாதமாக டிரெஸ்ஸிங்குக்கு அலைந்ததைவிட அது குறைவு. ஆனால் காலுக்கு ரத்த ஓட்டம் மோசமாக இருந்தாலோ, கிருமித்தொற்று தீவிரமாக இருந்தாலோ இந்தக் கட்டைப் போடக் கூடாது. அதனால்தான் புண்ணைக் கட்டுவதற்கு முன் பாதத்தின் நாடியைத் தொட்டுப் பார்க்காத மருத்துவரிடம், "நாடி கிடைக்கிறதா?" என்று நாமே கேட்டுவிடலாம்.

இவர் கட்டுப் போடவில்லை. ஒருநாள் சாயங்காலம் குளிர் நடுக்கம். 180-இல் இருந்த சர்க்கரை 380-ஐத் தொடுகிறது. பெருவிரல் முழுக்கச் சிவந்து தடித்திருக்கிறது. மருத்துவர் மழுங்கின உலோகக் கம்பி ஒன்றைப் புண்ணுக்குள் மெதுவாக விடுகிறார். 'டொக்' என்று கெட்டியாக முட்டுகிறது. அப்படி எலும்பு தட்டுப்பட்டால் எலும்புக்குள் தொற்று இறங்கியிருக்க வாய்ப்பு அதிகம். எக்ஸ்ரே நன்றாக இருந்தாலும் நிம்மதி அடைய முடியாது, எலும்பு அரிபடுவது படத்தில் தெரிய இரண்டு, மூன்று வாரம் ஆகும். கடைசியில் பெருவிரலை எடுக்கிறார்கள். அதோடு பாரம் பக்கத்து விரலின் அடிக்குப் போகிறது, அங்கே புதுக் காய்ப்பு வரத் தொடங்குகிறது. விரல் எடுக்காமலே ஆறிய புண்களும் இப்படித்தான். ஆறினவர்களில் ஏறக்குறைய 40 சதவீதம் பேருக்கு ஒரே வருடத்துக்குள் மறுபடி புண் வருகிறது.

எனவே தினமும் இரவு, வேலை முடிந்து காலைக் கழுவித் துடைத்ததும் இரண்டு நிமிடம் பார்க்க வேண்டும். குனிய முடியாதவர் கண்ணாடியைத் தரையில் போட்டு அதன்மேல் பாதத்தைக் காட்டலாம். கண் மங்கியிருந்தால் வீட்டில் ஒருவர் பார்க்கட்டும். விரலிடுக்கு, குதிகால், விரல்களின் அடிமேடு, பெண்களுக்கு மெட்டியின் அடிப்பக்கம் ஆகியவைதான் முக்கியம். பாதம் வீங்கியிருந்தால் மெட்டி உள்ளே அறுத்தும் வலிக்காது, அதைக் கழற்றி வைப்பதில் சம்பிரதாயம் கெடப்போவதில்லை. பிறகு புறங்கையால் இரண்டு பாதத்தையும் ஒரே இடங்களில் மாற்றி மாற்றித் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் சூடாக இருந்தால் உள்ளே ஏதோ நடக்கிறது. வெப்பமானி வைத்து அளக்கிறவர்கள் 2.2 டிகிரி செல்சியஸ் வித்தியாசத்தையே எச்சரிக்கையாகக் கொள்கிறார்கள். புண்ணே இல்லாமல் ஒரு பாதம் மட்டும் சூடாகி வீங்கினால், உள்ளே எலும்புகள் நொறுங்கத் தொடங்கியிருக்கலாம். சுளுக்கு என்று எண்ணெய் தேய்த்து நடக்கவிட்டால் பாத வளைவே இடிந்துபோகும்.

வெந்நீரில் காலை ஊறவைப்பது, ஒத்தடம் கொடுப்பது இரண்டும் வேண்டாம். கொப்புளம் வந்தபிறகுதான் சூடு தெரியவரும். குதிகாலுக்குத் தேங்காய் எண்ணெய் பூசலாம், விரலிடுக்கில் பூசக் கூடாது. நகத்தை நேராக வெட்ட வேண்டும், ஓரத்தைக் குடையக் கூடாது. தரையில் படுக்கிறவர் வீட்டில் எலி நடமாட்டம் இருந்தால் காலை மூடிக்கொண்டு, முடிந்தால் கட்டிலில் படுக்க வேண்டும்.

செருப்பு விஷயத்தில் எம்.சி.ஆர். செருப்பு என்று கேட்டு வாங்குங்கள். தொழுநோயாளிகளுக்காகப் பயன்பாட்டுக்கு வந்த நுண்துளை ரப்பர்தான் அது. கட்டைவிரலால் அழுத்தினால் அமுங்கி, எடுத்ததும் மேலே வர வேண்டும். அதற்கடியில் முள்ளும் ஆணியும் ஏறாத கெட்டி ரப்பர் இருக்க வேண்டும். பின்பக்கம் வார் அவசியம், இல்லாவிட்டால் விரலால் பிடித்து நடக்க வேண்டியிருக்கும். பாதம் சற்று வீங்கியிருக்கும் சாயங்காலத்தில் அளவு பார்த்து வாங்குவது நல்லது. போடுமுன் ஒவ்வொரு முறையும் கையை உள்ளே விட்டுத் தடவ வேண்டும். அமுங்கின ரப்பர் பழையபடி எழாவிட்டால் மேலே புதிதாகத் தெரிந்தாலும் மாற்றிவிடுங்கள். வீட்டுக்குள்ளும் இதே விதி, வீட்டுச் செருப்பு ஒரு ஜோடி தனியாக இருக்கட்டும்.

கோயில்தான் சங்கடம். வெளிப் பிராகாரக் கல் மத்தியானத்தில் கொதிக்கும், மரத்த கால் அதில் நிதானமாக நடந்து போகும், மறுநாள் உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம். வெயில் ஏறும் முன்போ இருட்டிய பிறகோ போகலாம், கோயிலில் தடையில்லை என்றால் தடித்த பருத்திக் காலுறை போட்டுக்கொள்ளலாம். ஆனால் உணர்வு போன காலோடு பழனிக்கு வெறுங்காலில் பாதயாத்திரை போகிறேன் என்று வேண்டிக்கொண்டவர், வேண்டுதலை வேறு விதமாக நிறைவேற்ற குருக்களிடம் வழி கேட்பது நல்லது.

சிவப்பு, வீக்கம், சூடு, சீழ், கெட்ட வாடை, கறுத்த தோல், காரணமில்லாமல் எகிறுகிற சர்க்கரை, காய்ச்சல் இவற்றில் எது தெரிந்தாலும் அன்றைக்கே, ஞாயிற்றுக்கிழமையானாலும், மருத்துவமனைக்குப் போக வேண்டும். போகும்போது அந்தக் காலை ஊன்றாமல், ஆட்டோவிலேயே போங்கள்.