இவர்களைப் போல இன்னும் 30 லட்சம் பேர்

மரச்செக்கு எண்ணெய் விற்கும் ஒரு சிறு இணையக் கடையை எடுத்துக்கொள்வோம். கற்பனைக் கடைதான். இதுவரை 12,000 பேர் வாங்கியிருக்கிறார்கள். கடைக்காரர் அத்தனை பேரின் கைபேசி எண்களையும் ஃபேஸ்புக் விளம்பரக் கணக்கில் ஏற்றி, இவர்களைப் போன்றவர்களுக்கு விளம்பரத்தைக் காட்டச் சொல்கிறார். 2013-இல் வந்த இந்த வசதிக்கு 'லுக்அலைக் ஆடியன்ஸ்' என்று பெயர்.

ஏற்றிய எண்கள் முதலில் ஃபேஸ்புக் கணக்குகளோடு ஒப்பிடப்படும். கடையில் கொடுத்த எண் வேறு, கணக்கில் உள்ள எண் வேறு என்றால் அந்த ஆள் விழுந்துவிடுவார். பொருந்தியவர்களை மற்றப் பயனர்களுக்கு எதிரே நிறுத்தி, பொதுக்கூட்டத்தைவிட இவர்களிடம் எது தூக்கலாக இருக்கிறது என்று கணிப்பொறி தேடும். பிறகு நாட்டிலுள்ள ஒவ்வொரு பயனருக்கும் மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்தி, கடைக்காரர் கேட்ட அளவுக்கு மேலிருந்து வெட்டித் தரும். குறைந்தபட்சம் 1 சதவீதம். இந்தியாவில் 30 கோடிப் பயனர்கள் என்று கொண்டால் 30 லட்சம் பேர்.

இதில் எந்த இடத்திலும் 'நல்ல வாடிக்கையாளர்' என்ற கேள்வியே எழவில்லை. பட்டியலில் இருக்கிறாரா, இல்லையா என்பது மட்டும்தான் கணிப்பொறிக்குத் தெரியும். அந்த 12,000 பேரைப் பிரித்துப் பார்த்தால், 7,000 பேர் தீபாவளிக்குப் பாதி விலையில் ஒரு பாட்டில் வாங்கியதோடு சரி. 900 பேர் பொருள் வாசலுக்கு வந்ததும் வேண்டாம் என்று திருப்பி அனுப்பியவர்கள். 400 பேர் வாங்கி விற்கும் சில்லறைக் கடைக்காரர்கள். கடந்த ஓராண்டில் மூன்று முறைக்கு மேல் வாங்கி, எதையும் திருப்பாதவர்கள் 1,400 பேர். முழுப் பட்டியலைக் கொடுத்தால் பெரும்பான்மையின் குணம்தான் தூக்கலாகத் தெரியும். கணிப்பொறி தள்ளுபடிப் பிரியர்களைக் கச்சிதமாகத் தேடித் தரும். சொன்ன வேலையைத்தானே அது செய்தது?

இந்த வேறுபாடு முதல் வாரத்தில் தெரியாது என்பதுதான் சிக்கல். முழுப் பட்டியலுக்கும் 1,400 பேர் பட்டியலுக்கும் ஒரே விளம்பரம், தலா 20,000 ரூபாய் என்று சோதித்துப் பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். முதலாவதில் 100 ஆர்டர், இரண்டாவதில் 80. திரையில் முதலாவதே மலிவு: ஆர்டருக்கு 200 ரூபாய், மற்றதில் 250. ஆனால் முதலாவதில் 30 திரும்பி வந்தன, இரண்டாவதில் 10. ஆக, இரண்டிலும் விற்றது 70 தான். மூன்று மாதம் கழித்து மறுபடி வாங்கியவர்கள் முதலாவதில் 7 பேர், இரண்டாவதில் 21 பேர். மீண்டும் வரும் ஒரு வாடிக்கையாளருக்கு ஆன செலவு முதலாவதில் ஏறக்குறைய 2,857 ரூபாய், இரண்டாவதில் 952. முதல் வாரத்தோடு கணக்கை மூடியவர் தோற்ற பட்டியலுக்கே பணத்தைக் கொட்டியிருப்பார்.

அதற்காகச் சலித்துக்கொண்டே போகவும் முடியாது. பொருந்திய ஆட்கள் ஒரே நாட்டில் 100 பேராவது இருந்தால்தான் ஃபேஸ்புக் ஏற்கும். ஆயிரத்துக்கு மேல் இருப்பதே நல்லது. 120 பேரில் 40 பேர் ஒரே அடுக்ககத்தில் குடியிருந்தால், அந்த அடுக்ககத்தின் சாயலையே கணிப்பொறி எண்ணெய்ப் பிரியரின் சாயலாக எடுத்துக்கொள்ளக்கூடும். 1,400 பேர் அந்த வகையில் வசதியான எண்ணிக்கை. ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே அவர் தந்த தொகையை எழுதி அனுப்பும் வழியும் உண்டு. அங்கே விற்பனையை எழுதாமல் லாபத்தை எழுத வேண்டும், சில்லறைக் கடைக்காரர்களை முன்பே நீக்கவும் வேண்டும். இல்லையென்றால் 50 டின் வாங்கிய ஒரே கடைக்காரர், மாதம் ஒரு லிட்டர் வாங்கும் பல குடும்பங்களை எடையில் அமுக்கிவிடுவார்.

பட்டியலின் குணம் எவ்வளவு பிடிவாதமானது என்பதற்கு அமெரிக்காவில் ஒரு வழக்கே இருக்கிறது. வீடு, வேலை, கடன் விளம்பரங்களில் பாகுபாடு நடக்கிறது என்று குடிமை உரிமை அமைப்புகள் வழக்குத் தொடர, 2019-இல் ஃபேஸ்புக் சமரசத்துக்கு வந்தது. அத்துறைகளுக்கு வயது, பாலினம், அஞ்சல் குறியீடு ஆகியவற்றை நேரடியாகப் பயன்படுத்தாத தனி வகைப் பட்டியலை அமைத்துத் தந்தது. ஆனால் மூலப் பட்டியலை விளம்பரதாரர்தானே தருகிறார்? அதில் பெரும்பாலும் ஓர் இனத்தவரே இருந்தால், அவர்கள் பார்க்கும் பக்கங்களும் சொடுக்கும் இணைப்புகளுமே அந்தச் சாயலைச் சுமந்து வரும். அந்தப் புதிய வகையும் பாகுபாட்டுக்கு இடம்தருகிறது என்று அமெரிக்க நீதித்துறை குற்றம்சாட்டியது. 2022 ஜூனில் எட்டிய உடன்பாட்டின்படி மெட்டா அதைக் கைவிட்டது.