கடை பற்றிய விமர்சனங்கள்: எதை வைப்பது, எதை நீக்குவது?

2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு, அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக் கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர் தனது கறியில் வெள்ளை நிறக் கட்டி ஒன்றைக் கண்டார். மலட்டுத்தன்மையை உண்டாக்கும் மாத்திரையைக் கலந்துவிட்டார்கள் என்று சத்தமிட்டார். கடையில் இருந்தவருக்குச் சிங்களம் சரியாக விளங்கவில்லை. சூழ்ந்து நின்றவர்கள் கேட்ட கேள்விக்கு அவர் பயத்தில் ஆமென்று சொன்னது கைத்தொலைபேசியில் பதிவாகி முகநூலில் பரவியது. அந்த இரவே கடையும் பள்ளிவாசலும் வாகனங்களும் தாக்கப்பட்டன. பிறகு அரச இரசாயனப் பகுப்பாய்வுத் திணைக்களம் அந்தக் கட்டியைப் பரிசோதித்து, அது வெறும் மாவுப்பொருள் என்று அறிவித்தது. ஒருவரை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை என்று ஒன்று இல்லவே இல்லை என்று மருத்துவர்களும் விளக்கினார்கள்.

இந்தச் சம்பவம் நமது வாசகர்களுக்குப் புதியதல்ல. ஆனால் இதைக் கலவரத்தின் கதையாக மட்டும் பார்க்காமல், ஒரு கடையைப் பற்றி எழுதப்பட்ட விமர்சனமாகவும் ஒருமுறை வாசித்துப் பாருங்கள். அதில் இரண்டு வசனங்கள் இருக்கின்றன. "என் கறியில் வெள்ளைக் கட்டி இருந்தது" என்பது ஒன்று. அது உண்மை. அந்த மனிதர் கண்ணால் கண்டது. "அது மலட்டு மாத்திரை" என்பது மற்றது. அதை அவர் காணவில்லை. அவர் ஊகித்தார். ஒரு பரிசோதனைக்கூடம் மட்டுமே சொல்லக்கூடிய விடயம் அது. இரண்டு வசனங்களும் ஒன்றாகவே பரவின. இடையில் நின்று பிரித்துப் பார்க்க எவரும் இருக்கவில்லை.

ஊர்க் கடைகளைப் பட்டியலிட்டு, மக்கள் விமர்சனம் எழுத இடம் கொடுக்கும் சிறிய இணையத்தளங்கள் இப்போது பல ஊர்களில் வருகின்றன. அவற்றில் வரும் விமர்சனங்களைப் பார்த்து அனுமதிப்பவரின் வேலை, இந்த இரண்டு வசனங்களையும் பிரிப்பதுதான்.

தன்னாமுனையை எடுத்துக்கொள்வோம். மட்டக்களப்பிலிருந்து திருமலை வீதியால் ஏறாவூருக்குப் போகும் வழியில், வாவிக்கு அருகில் இருக்கும் ஊர். ஒரே வீதியில் தமிழர் கடையும் முஸ்லிம் கடையும் இருக்கின்றன. இவரிடம் அவர் சாமான் வாங்குகிறார், அவரிடம் இவர் சாப்பிடுகிறார். இங்கே ஒரு பட்டியல் தளம் நடக்கிறது என்றும், வாவியோரமாக இறாலும் நண்டும் சமைத்துக் கொடுக்கும் ஒரு சாப்பாட்டுக் கடை அதில் இருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். ஒரே கிழமையில் அந்தக் கடைக்குப் பின்வரும் விமர்சனங்கள் வருகின்றன.

முதலாவது: "ஞாயிறு பகல் போனோம். இறால் கறி பழசு மாதிரி மணத்தது. சொல்லியும் மாற்றித் தரவில்லை. காசு வீண்." கடை முதலாளிக்கு இது கசக்கும். நீக்கச் சொல்லி அழைப்பெடுப்பார். ஆனால் இது அப்படியே இருக்க வேண்டும். எழுதியவர் போன நாள் தெரிகிறது, சாப்பிட்டது தெரிகிறது, மூக்குக்குப் பட்டதைச் சொல்கிறார், கடைக்காரர் நடந்துகொண்ட விதத்தைச் சொல்கிறார். விமர்சனம் காரமாக இருப்பது நீக்குவதற்குக் காரணமல்ல. இதையும் நீக்கத் தொடங்கினால், மிஞ்சுவது விளம்பரம் மட்டுமே. அதைச் சனங்கள் இரண்டு மாதத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். முதலாளிக்குக் கொடுக்க வேண்டியது நீக்கும் உரிமை அல்ல, பதில் எழுதும் உரிமை. "அன்று ஐஸ் வரப் பிந்திவிட்டது, மன்னியுங்கள், அடுத்த முறை வாருங்கள்" என்று விமர்சனத்துக்குக் கீழேயே அவர் எழுதினால், வாசிப்பவர் இரண்டையும் பார்த்துத் தானே முடிவெடுப்பார்.

இரண்டாவது: "இங்கே சாப்பிட்டு இரவு முழுக்க வயிற்றோட்டம். பழுதான இறாலைத் தெரிந்துகொண்டே கொடுக்கிறார்கள்." அம்பாறையின் இரண்டு வசனங்களும் இங்கே மறுபடி வந்திருக்கின்றன. வயிற்றோட்டம் வந்தது என்பது எழுதியவரின் அனுபவம். தெரிந்துகொண்டே கொடுத்தார்கள் என்பது அடுத்தவரின் மனதுக்குள் இருப்பதைப் பற்றிய குற்றச்சாட்டு. அந்தச் சாப்பாடுதான் காரணம் என்பதும்கூட நிச்சயமில்லை. ஸ்டெஃபிலோகொக்கஸ் நச்சு என்றால் அரை மணி முதல் எட்டு மணி நேரத்துக்குள் வாந்தி வரும். சல்மொனெல்லா என்றால் ஆறு மணி நேரத்திலிருந்து ஆறு நாட்கள் வரைகூட ஆகலாம். நோய் வந்தவர் கடைசியாகச் சாப்பிட்ட கடையைத்தான் நினைப்பார், ஆனால் காரணம் முந்தாநாள் வீட்டில் சாப்பிட்டதாகவும் இருக்கலாம்.

இதை அப்படியே போடுவதும் பிழை, குப்பையில் போடுவதும் பிழை. உண்மையிலேயே பழுதான இறால் என்றால், அடுத்த குடும்பமும் அதைச் சாப்பிடும். ஆகவே வெளியிடாமல் நிறுத்தி வைத்து, எழுதியவருக்குத் திருப்பி அனுப்ப வேண்டும்: "எப்போது சாப்பிட்டீர்கள், எத்தனை மணி நேரத்தில் நோய் வந்தது, கூடச் சாப்பிட்டவர்களுக்கும் வந்ததா என்று எழுதுங்கள். தெரிந்தே செய்தார்கள் என்ற பகுதியை எடுத்துவிடுங்கள்." ஒன்றாகச் சாப்பிட்டவர்களில் இரண்டு மூன்று பேருக்கு வந்திருந்தால், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு அல்லது பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு முறைப்பாடு செய்யும் வழியையும் சொல்ல வேண்டும். மாதிரி எடுத்துப் பரிசோதிக்கவும், தேவையென்றால் வழக்குப் போடவும் சட்டப்படி அதிகாரம் உள்ளவர் அவர். தளம் நடத்துபவருக்கு அந்த அதிகாரமும் இல்லை, அதற்கான கருவியும் இல்லை.

இங்கே ஒரு விதி முக்கியம். திருத்த வேண்டியதை எழுதியவரே திருத்த வேண்டும். ஒருவர் எழுதிய வசனத்தை நாம் வெட்டி ஒட்டி அவர் பெயரில் போட்டால், அவர் சொல்லாத ஒன்றை அவர் சொன்னதாக ஆக்குகிறோம். பிறகு பிரச்சினை வந்தால், அது யாருடைய வசனம் என்ற கேள்விக்குப் பதில் இருக்காது.

மூன்றாவது விமர்சனம், காசு மேசையில் இருக்கும் பிள்ளையின் பெயரைச் சொல்லி, அவள் திமிர் பிடித்தவள் என்கிறது. கடை பொதுமக்களுக்காகத் திறந்து வைத்தது, அதை விமர்சிக்கலாம். அந்தப் பிள்ளை சம்பளத்துக்கு நிற்பவள். சிறிய ஊரில் பெயர் தேவையே இல்லை, "காசு மேசைப் பிள்ளை" என்றாலே இன்னாரின் மகள் என்று தெரிந்துவிடும். ஆகவே பெயரையும் அடையாளத்தையும் எடுத்துவிட்டு, "பரிமாறும்போதும் காசு வாங்கும்போதும் மரியாதை இல்லை" என்று எழுதித் தரும்படி கேட்க வேண்டும். முறைப்பாட்டின் சாரம் அப்படியே இருக்கும்.

நான்காவது: "அவங்கட கடைக்கு நம்ம ஆக்கள் போகக் கூடாது." இதில் கறியும் இல்லை, இறாலும் இல்லை, கடைக்குப் போனதற்கான அடையாளமே இல்லை. இருப்பது இரண்டு சமூகங்கள் மட்டும். திருத்தக் கேட்காமல், யோசிக்காமல் நீக்க வேண்டியது இது ஒன்றுதான். "அவங்க" முஸ்லிமாக இருந்தாலும் தமிழராக இருந்தாலும் விதி ஒன்றே. 2019 ஏப்ரல் தாக்குதல்களுக்குப் பிறகு நமது கடைகளைப் புறக்கணிக்கச் சொல்லிப் பரவிய செய்திகளால் பட்ட வேதனை நமக்குத் தெரியும். அதே வசனத்தை நமது ஆள் ஒருவர் மறுபக்கத்துக்கு எழுதும்போது, "கோபத்தில் எழுதியிருக்கிறார்" என்று விட்டுவிடத் தோன்றும். விதி உண்மையிலேயே விதியா என்பது அந்த இடத்தில்தான் தெரியும்.

ஐந்தாவது நமது வாசகர்களுக்கு மிக நெருக்கமானது: "ஹலால் என்று போர்ட் போட்டிருக்கிறார்கள், எல்லாம் பொய்." இதைப் போட்டால் ஒரே நாளில் கடை வெறுமையாகும். உண்மையாக இருந்து போடாமல் விட்டால், அதை நம்பிச் சாப்பிடுபவர்களுக்கு அநியாயம். ஆகவே எழுதியவரிடம் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: நீங்கள் கண்டது என்ன? "இறைச்சி எங்கே வாங்குகிறீர்கள் என்று கேட்டேன், சொல்ல மறுத்தார்கள்" என்றால் அது அனுபவம், அதை எழுதலாம். "அப்படித்தான் கேள்விப்பட்டேன்" என்றால் போட முடியாது. கடை சான்றிதழ் பெற்றதாகச் சொன்னால், அந்தச் சான்றிதழின் இலக்கத்தையும் முடிவுத் திகதியையும் வாங்கி, வழங்கிய நிறுவனத்திடமே உறுதிப்படுத்தி, கடை விவரத்தில் சேர்க்கலாம். ஆனால் சான்றிதழ் இல்லாததையே ஹலால் இல்லாததற்கு ஆதாரமாக எடுக்கக் கூடாது. நமது ஊர்களில் பல சிறிய முஸ்லிம் கடைகள் சான்றிதழுக்கு விண்ணப்பித்ததே இல்லை.

கடைசியாக, வெள்ளிக்கிழமை இரவு ஒரு மணி நேரத்துக்குள் ஐந்து ஒற்றை நட்சத்திரங்கள் விழுகின்றன. சிலவற்றில் "மோசம்" என்ற ஒரே சொல், மற்றவற்றில் அதுவும் இல்லை. இது எவ்வளவு பெரிய அடி என்பதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்தக் கடைக்கு முன்பு ஆறு பேர் சேர்ந்து 27 நட்சத்திரம் கொடுத்திருந்தார்கள் என்றால், சராசரி 4.5. ஐந்து ஒற்றை நட்சத்திரங்கள் சேர்ந்தால் பதினொரு பேருக்கு 32, சராசரி 2.9. ஆயிரம் விமர்சனம் உள்ள நகரத்து ஹோட்டலுக்கு இது உறைக்காது. ஊர்க் கடையை ஐந்து பேர் ஒரு மணி நேரத்தில் விழுத்திவிடலாம். ஐந்து மச்சான்மார் சேர்ந்து தூக்கிவிடவும் முடியும். பொய்ப் புகழ்ச்சிக்கும் இதே பார்வை வேண்டும்.

இவை பொய் என்று எப்படி அறிவது? எல்லாம் புதிய கணக்குகளா, அதற்கு முன் வேறு எதற்கும் எழுதியிருக்கிறார்களா, ஒரே எழுத்துப்பிழை திரும்பத் திரும்ப வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரே ஐபி முகவரியிலிருந்து வந்தது என்பதை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது. கைத்தொலைபேசி வலையமைப்புகளில் ஒரே ஐபி முகவரி ஒரே நேரத்தில் பலருக்குப் பகிரப்படுகிறது. ஒன்றாகச் சாப்பிட்டுவிட்டு ஒரே வீட்டு வைஃபையில் நான்கு பேர் எழுதியதாகவும் இருக்கலாம். ஆகவே ஐந்தையும் நிறுத்தி வைத்து, எந்த நாள் போனீர்கள், என்ன சாப்பிட்டீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேட்பதே நல்ல வழி. பில் கேட்க வேண்டாம், ஊர்க் கடைகளில் பில் கொடுக்கும் வழக்கம் குறைவு. உண்மையில் போனவர் இரண்டு வரியில் பதில் அனுப்புவார். ஏவிவிடப்பட்டவர் பெரும்பாலும் பதில் போடமாட்டார். ஒரு கிழமை பதில் வராவிட்டால் நீக்கலாம்.

இந்த முறையிலும் ஓட்டை இருக்கிறது. நாளும் கறியும் சேர்த்து நன்றாகக் கற்பனை செய்து எழுதும் பொய்யை இது பிடிக்காது. அதற்கு எதிரான காப்பு முதலாளியின் பதில் மட்டுமே. ஆனால் அந்தப் பதிலுக்காக, எழுதியவர் யார் என்று முதலாளி கேட்டால் சொல்லக் கூடாது. சிறிய ஊரில் பெயர் தெரிந்தால் விடயம் வீட்டு வாசலுக்குப் போகும். அடுத்த தடவை எவரும் உண்மையை எழுதமாட்டார்கள்.

நீக்கியவற்றையும் அழித்துவிடாமல், திகதி, காரணம், தீர்மானித்தவர் யார் என்ற குறிப்புடன் தனியாக வைத்திருக்க வேண்டும். தீர்மானிப்பவரின் மாமாவுடைய கடை என்றால் இன்னொருவர் தீர்மானிக்க வேண்டும். "என்னுடையதை ஏன் எடுத்தாய், அவருடையதை ஏன் விட்டாய்" என்று நாளை ஒருவர் வந்து கேட்பார். அப்போது அந்தக் குறிப்பை எடுத்துக் காட்ட முடிய வேண்டும்.