5 வோல்ட் அலைக்குள் 6.37 வோல்ட்

கல்லூரி லேப்களில் அலைக்காட்டியை அலைக்காட்டி என்று யாரும் சொல்வதில்லை. கண்ணாடிக் குழாய் போய் தட்டைத் திரை வந்த பிறகும் அது ‘சி.ஆர்.ஓ.’தான். அதன் முகப்பில் ஓர் ஓரமாகச் சின்ன உலோகக் கொக்கி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். புரோபைச் சரிபார்ப்பதற்காகக் கருவியே தரும் சதுர அலை அங்கிருந்து வருகிறது. பெரும்பாலான கருவிகளில் அது நொடிக்கு ஆயிரம் முறை துடிக்கும்.

அந்தக் கொக்கியில் புரோபை மாட்டி, திரையைப் போனில் படம் பிடித்துக்கொண்டு வருகிறார் ஒரு மாணவர். படத்தில் குறுக்கே பத்துக் கட்டங்கள். ஒரு கட்டம் 200 மைக்ரோ செகண்ட். நெடுக்கே ஒரு கட்டம் 1 வோல்ட். அலை இரண்டரைக் கட்டம் மேலே நிற்கிறது, இரண்டரைக் கட்டம் கீழே கிடக்கிறது. மேலே 5 வோல்ட், கீழே பூஜ்யம். ஒரு சுற்றுக்கு ஐந்து கட்டம், அதாவது 1 மில்லி செகண்ட். ஃபூரியர் தொடரைக் கணக்கிட இந்த மூன்று எண்கள் போதும்.

எந்தத் திரும்பத் திரும்ப வரும் அலையையும் ஒரு நிலையான மட்டமும் பல சைன் அலைகளும் சேர்ந்த கூட்டாக எழுதலாம் என்பது ஃபூரியரின் கூற்று. பிரான்சில் 1807இல் அவர் அதை முன்வைத்தபோது லக்ராஞ்சே ஏற்கவில்லை. வளைவான சைன்கள் எப்படிச் செங்குத்தான விளிம்பைத் தரும் என்ற சந்தேகம் இன்றைய வகுப்பறையிலும் எழுகிறது. நியாயமான சந்தேகம்தான்.

முதல் வேலை, படத்தில் நேரம் பூஜ்யத்தை எங்கே வைப்பது என்று முடிவு செய்வது. அலை மேலேறும் விளிம்பில் வைத்தால் கணக்கு எளிது. கொசைன்கள் எல்லாம் தாமாகவே விலகிவிடும். நிலையான மட்டம் சராசரிதான்: பாதி நேரம் 5, பாதி நேரம் 0, ஆக 2.5 வோல்ட். சைன்களின் கெழுக்களுக்கு இந்தத் தொகையீடு:

b_n = (2/T) ∫₀ᵀ f(t) sin(2πnt/T) dt

பார்க்கத்தான் மிரட்டலாக இருக்கிறது. அலையைச் சைனால் பெருக்கி, பரப்பை அளக்கச் சொல்கிறது, அவ்வளவே. சுற்றின் பிற்பாதியில் அலை பூஜ்யம்; அங்கே பெருக்கலும் பூஜ்யம். முற்பாதியில் அலை 5. அங்கே சைன் அப்படியே ஐந்து மடங்காக நிற்கிறது. ஆகவே அளக்க வேண்டியது முதல் அரை மில்லி செகண்டில் சைனுக்குக் கீழுள்ள பரப்பை மட்டுமே.

முதல் சைன், அதாவது n = 1, அந்த நேரத்தில் ஒரே ஒரு மேட்டைப் போடுகிறது. உயரம் 1 உள்ள சைன் மேட்டின் பரப்பு, அதன் அகலத்தில் 2/π பங்கு. அகலம் 0.5 மில்லி செகண்ட் என்பதால் பரப்பு 0.3183. அதை ஐந்தாலும், முன்னே நிற்கும் 2/T ஆலும் பெருக்கினால் 3.183 வோல்ட்.

இரண்டாவது சைன் அதே அரை மில்லி செகண்டில் ஒரு மேடு, ஒரு பள்ளம் என்று முழுச் சுற்றையும் முடித்துவிடுகிறது. மேட்டைப் பள்ளம் விழுங்கிவிட, விடை பூஜ்யம். மூன்றாவது சைன் மேடு, பள்ளம், மேடு என்று போகிறது. இரண்டு ஒன்றையொன்று அடித்துக்கொள்ள, ஒரு மேடு மிஞ்சுகிறது. அதன் அகலம் மூன்றில் ஒரு பங்கு. கெழுவும் மூன்றில் ஒரு பங்கு, 1.061 வோல்ட். ஐந்தாவதுக்கு 0.637. இரட்டை எண்கள் எல்லாம் பூஜ்யம். சூத்திரமாக எழுதினால், ஒற்றைப்படை n-க்கு b_n = 10/(nπ). பாடப்புத்தகம் (1 − cos nπ) என்று எழுதிவிட்டுத் தாண்டிப்போகும் இடத்தில் நடப்பது இந்த மேடு பள்ளக் கணக்குதான்.

இங்கேதான் மாணவர் பேனாவைக் கீழே வைக்கிறார். முதல் சைன் மேலே 3.183, கீழே 3.183 என்று ஆடினால் மொத்த வீச்சு 6.37 வோல்ட். அலையோ வெறும் 5 வோல்ட். எங்கோ 2 ஒன்றைத் தவறாகப் பெருக்கிவிட்டோம் என்று பலரும் திரும்பக் கணக்குப் போடுவார்கள். கணக்கு சரிதான்.

சதுர அலையின் தலை தட்டை. சைனின் தலை கூம்பியது. விளிம்பருகே சைன் தாழ்ந்து கிடப்பதால், அங்கே விட்டதை நடுவில் ஏறி ஈடுகட்டுகிறது. மட்டத்தோடு முதல் சைனை மட்டும் சேர்த்தால் மேடையின் நடுவில் 5.68 வோல்ட் வருகிறது; விளிம்பிலிருந்து 83 மைக்ரோ செகண்டில் 4.09 மட்டுமே. மூன்றாவது சைன் வந்ததும் நடுவை 1.06 அமுக்கி 4.62 ஆக்குகிறது, 83 மைக்ரோ செகண்டில் அதே அளவு தூக்கி 5.15 ஆக்குகிறது. தலையைத் தட்டி, தோளை உயர்த்தும் வேலை. ஐந்தாவது சைனுக்குப் பின் நடு 5.26, ஏழாவதுக்குப் பின் 4.80. இப்படித் தள்ளாடித் தள்ளாடி 5-ஐ நெருங்கும் இந்த வரிசை, 1 − 1/3 + 1/5 − 1/7 என்று போய் π/4-ஐத் தரும் தொடரேதான். ஃபூரியருக்குச் சில நூற்றாண்டுகள் முன்பே கேரளத்தில் மாதவன் வழியினர் அறிந்திருந்த தொடர் அது.

ஆற்றல் கணக்கில் முதல் சைனின் ஆதிக்கம் இன்னும் அதிகம். நிலையான மட்டத்தை ஒதுக்கிவிட்டால், அலையின் ஆற்றலில் 81 சதவீதம் அதனுடையது. மூன்றாவதுக்கு 9 சதவீதம், ஐந்தாவதுக்கு 3 சதவீதத்துக்குச் சற்று மேல். மீதிச் சைன்கள் எல்லாம் விளிம்பைச் செதுக்குவதற்கு.

அந்தச் செதுக்கல் எங்கே நிறுத்தினாலும் முழுமை பெறுவதில்லை. எத்தனை சைன்களைச் சேர்த்தாலும் விளிம்பை ஒட்டி ஒரு கொம்பு, குதிப்பின் உயரத்தில் சுமார் 9 சதவீதம், மிஞ்சி நிற்கும். ஒல்லியாகுமே தவிரக் குள்ளமாகாது. 5 வோல்ட் குதிப்புக்கு அது 0.45 வோல்ட். இதற்கு கிப்ஸ் பெயர் வைத்திருக்கிறார்கள். 1899இல் அவர் விளக்குவதற்கு அரை நூற்றாண்டு முன்பே வில்பிரகாம் என்பவர் கண்டிருந்தார். போன் படத்திலும் மூலையில் கொம்பு தெரிந்தால் உடனே கிப்ஸைக் கூப்பிட வேண்டாம். பெரும்பாலும் புரோபில் உள்ள சிறு திருகு சரியாக வைக்கப்படவில்லை என்றுதான் பொருள்.

படமே ஏமாற்றுவதும் உண்டு. போனைச் சாய்த்துப் பிடித்தால் திரையின் ஒரு பக்கம் விரிந்து மறுபக்கம் சுருங்கும். பிக்சலை எண்ணுகிறவருக்கு அலை 52 சதவீத நேரம் மேலே நிற்பதாகத் தோன்றும். அதை நம்பிக் கணக்குப் போட்டால், இல்லாத இரண்டாவது சைன் 0.2 வோல்ட்டோடு முளைக்கும். முதல் கெழுவோ 3.183இலிருந்து 3.177க்குத்தான் நகரும். பெரிய எண்ணைப் பார்த்துப் பிழையைப் பிடிக்க முடியாது, இரட்டைப்படை எண்கள்தான் காட்டிக்கொடுக்கும். பிக்சலை விட்டுக் கட்டத்தை எண்ணினால் இந்தத் தொல்லை இல்லை. அலை சுருங்கிய இடத்தில் கட்டமும் சேர்ந்து சுருங்கியிருக்கும். இன்னொன்று, கருவி ஏசி இணைப்பில் இருந்தால் 2.5 வோல்ட் மட்டம் படத்திலேயே இருக்காது.

சந்தேகம் தீரவில்லை என்றால் கொக்கியில் புரோபை மறுபடி மாட்டி, கருவியில் FFT-ஐ அழுத்திப் பாருங்கள். 1, 3, 5 கிலோஹெர்ட்ஸில் கம்பங்கள் நிற்கும். மூன்றாவது முதலாவதைவிட 9.5 டெசிபெல் தாழ்ந்திருக்கும். 2 கிலோஹெர்ட்ஸில் சுமார் 24 டெசிபெல் கீழே ஒரு கம்பம் தெரிந்தால், சாய்ந்தது போன் அல்ல, அலையே சரிபாதி இல்லை.