ஒரே டபுள், இரண்டு உயரம்

குரோஷே குறிப்பில் 'டபுள்' என்று இருந்தால், அது அமெரிக்கக் குறிப்பா பிரிட்டிஷ் குறிப்பா என்று பார்க்காமல் ஊசியை எடுக்காதீர்கள். அமெரிக்கர்கள் 'சிங்கிள்' என்னும் குட்டைத் தையல்தான் பிரிட்டனில் 'டபுள்'. அமெரிக்க 'டபுள்' அங்கே 'டிரெபிள்'. அமெரிக்க 'டிரெபிள்' அங்கே 'டபுள் டிரெபிள்'. எல்லாம் ஒரு படி தள்ளி நிற்கின்றன.

குறிப்பில் எங்காவது 'சிங்கிள் குரோஷே' வந்தால் அது அமெரிக்க முறை. பிரிட்டிஷ் முறையில் அந்தப் பெயரே கிடையாது. தையலை விட்டுத் தாண்ட 'ஸ்கிப்' என்பது அமெரிக்க வழக்கு, 'மிஸ்' என்பது பிரிட்டிஷ் வழக்கு. ஆனால் இது அவ்வளவு உறுதியான சாட்சி அல்ல.

இரண்டும் இல்லையென்றால் வரிசையின் தொடக்கத்தைப் பாருங்கள். 'மூன்று சங்கிலி, அது ஒரு டபுளாகக் கணக்கு' என்றால் தையல் மூன்று சங்கிலி உயரம், ஆகவே அமெரிக்க டபுள்: ஊசியில் நூலைச் சுற்றிய பிறகே துளையில் நுழைக்க வேண்டும். ஒரே சங்கிலியோடு டபுள் வரிசை தொடங்கினால் பெரும்பாலும் பிரிட்டிஷ். சுற்றாமல் நேரே நுழைக்கலாம்.

மூன்று மூன்று டபுளாகக் கொத்து வைக்கும் அமெரிக்கக் 'கிரானி' சதுரத்தை பிரிட்டிஷ் டபுளில் போட்டால், மூலையில் மூன்று சங்கிலி மட்டும் உயர்ந்து நிற்க, பக்கத்துக் கொத்துகள் குட்டையாகிவிடும். முதல் சுற்றிலேயே இது தெரியும். பிரிப்பதும் அப்போதுதான் சுலபம்.