தனக்குத் தானே போட்டி

நீண்ட நாள் உழைக்கும் ஒரு பொருளை ஒரே ஒரு நிறுவனம்தான் விற்கிறது என்றால், அது வைத்ததுதான் விலை என்று தோன்றும். மின்சாரம் போல அன்றன்றைக்குத் தீர்ந்துபோகிற சரக்கில் அது பெரும்பாலும் சரி. நகலெடுக்கும் இயந்திரம், கார் போன்றவற்றில் கதை வேறு. இன்று வாங்கியவர் நாளை மறுபடி வாங்க வரமாட்டார். இன்று விலை கட்டாமல் திரும்பிப் போனவர் நாளையும் கடை வாசலில் நிற்பார். அவரையும் விடக்கூடாது என்று விலையைக் குறைக்க விற்பவருக்குக் கை பரபரக்கும். இது வாங்குபவருக்கும் முன்கூட்டியே தெரியும் என்பதுதான் சிக்கல்.

இதை முதலில் கூர்மையாக எழுதியவர் பொருளியலாளர் ரொனால்ட் கோஸ். 1972இல் வெளியான சிறு கட்டுரையில் அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் நிலம்: அமெரிக்காவின் நிலம் முழுவதும் ஒரே ஆள் கையில் இருந்தால் என்ன ஆகும்? பாதியை நல்ல விலைக்கு விற்ற பிறகு மீதிப் பாதி சும்மா கிடக்கும்; அதையும் சற்றுக் குறைத்து விற்றால் லாபம்தானே என்ற எண்ணம் வரும். அப்படி வரும் என்று தெரிந்தவர் யாரும் முதல் பாதிக்கு அந்த நல்ல விலையைத் தரமாட்டார். 1982இல் ஜெரமி புலோ இதை இரண்டே காலகட்டங்களாகச் சுருக்கிக் கணக்காக்கினார். கீழே உள்ளது அந்த வகைக் கணக்குதான்.

ஒரு இயந்திரம் சரியாக 2 ஆண்டு உழைக்கும். அதைச் செய்ய ஆகும் செலவையும் வட்டியையும் இப்போதைக்கு விட்டுவிடலாம். வாங்கக்கூடியவர்கள் 100 பேர், ஆளுக்கு ஒரு இயந்திரம் போதும். முதல் ஆளுக்கு அதனால் ஆண்டுக்குக் கிடைக்கும் பயன் ஏறத்தாழ ரூ. 1 லட்சம், அடுத்தடுத்த ஆளுக்கு ஆயிரம் ஆயிரமாகக் குறைந்து, கடைசி ஆளுக்கு ஒன்றுமில்லை என்ற அளவுக்கு வருகிறது.

நிறுவனம் இயந்திரத்தை விற்காமல் வாடகைக்கு விட்டால், ஆண்டு வாடகை ரூ. 50,000 வைப்பதுதான் சிறந்தது. 50 பேர் எடுப்பார்கள். ஆண்டுக்கு 25 லட்சம், 2 ஆண்டில் 50 லட்சம். இதையே விற்பனையில் எடுக்க வழி உண்டா? முதல் ஆண்டில் விலை ரூ. 1 லட்சம், 50 பேர் வாங்குகிறார்கள், இரண்டாம் ஆண்டில் கடையை மூடிவிடுவது. அதே 50 லட்சம்.

கடையை மூடுவதுதான் நடக்காது. இரண்டாம் ஆண்டு பிறந்ததும், பயன் ரூ. 50,000க்குக் கீழே உள்ள 50 பேர் வெறுங்கையோடு நிற்பார்கள். விலையை ரூ. 25,000 என்று வைத்தால் அவர்களில் 25 பேர் வாங்குவார்கள், ரூ. 6.25 லட்சம் கூடுதலாக வரும். அந்த நாளில் அதை வேண்டாம் என்று சொல்ல நிறுவனத்துக்கு எந்தக் காரணமும் இல்லை.

இப்போது வரிசையில் ஐம்பதாவது ஆளின் நிலையைப் பார்க்கலாம். முதல் ஆண்டே ரூ. 1 லட்சம் கொடுத்தால், 2 ஆண்டுப் பயனும் ரூ. 1 லட்சம், கையில் மிச்சம் ஒன்றுமில்லை. ஓராண்டு பொறுத்து ரூ. 25,000க்கு வாங்கினால், அந்த ஓராண்டுப் பயன் ரூ. 50,000இல் பாதி மிச்சம். அவர் பொறுப்பார். அவருக்கு முன்னால் நிற்கும் பலரும் பொறுப்பார்கள். கணக்கை முழுவதும் போட்டால், ரூ. 1 லட்சம் விலைக்கு முதல் ஆண்டில் சுமார் 33 பேர்தான் வாங்குவார்கள். மிச்சமிருக்கும் கூட்டம் பெரிது என்பதால் இரண்டாம் ஆண்டு விலை சுமார் ரூ. 33,000இல் நிற்கும். மொத்த வரவு 44 லட்சத்துச் சொச்சம்.

இதைத் தெரிந்த நிறுவனம் முதலிலேயே இறங்கி வரும். ஆகச் சிறந்தது முதல் ஆண்டு ரூ. 90,000; 40 பேர் வாங்குவார்கள், 36 லட்சம். இரண்டாம் ஆண்டு ரூ. 30,000, இன்னும் 30 பேர், 9 லட்சம். நாற்பதாவது ஆளிடம் இதைச் சரிபார்க்கலாம். அவருக்கு ஆண்டுப் பயன் ரூ. 60,000. இன்றே வாங்கினால் 1,20,000இல் 90,000 போக 30,000 மிச்சம். பொறுத்து வாங்கினால் 60,000இல் 30,000 போக அதே 30,000. அவருக்கு இரண்டும் ஒன்றுதான். மொத்த வரவு 45 லட்சம். சந்தையில் வேறு போட்டியாளரே இல்லாமல், அடுத்த ஆண்டில் தானே நடத்தப்போகும் மலிவு விற்பனையோடு போட்டியிட்டு நிறுவனம் 5 லட்சத்தை இழக்கிறது. இரண்டு தவணைக்கே இவ்வளவு. விலையைக் குறைக்கும் வாய்ப்பு மாதம் ஒரு முறை, வாரம் ஒரு முறை என்று நெருங்க நெருங்க, விலை செய்கூலி வரைக்கும் சரியும் என்பதுதான் கோஸின் ஊகம்.

வாடகையில் இந்த ஓட்டை ஏன் இல்லை? வாடகைக்கு விட்டவருக்கு இயந்திரம் ஆண்டு முடிவில் திரும்பி வருகிறது. வாடகையைக் குறைத்தால் தன் 50 இயந்திரங்களின் வரவும் சேர்ந்தே குறையும். அடி அவர் தலையிலேயே விழும். விற்றவருக்கு அந்தக் கவலை இல்லை. விலைச்சரிவின் நஷ்டம் முன்னால் வாங்கியவருடையது. அவர் அதை எதிர்பார்த்து முதலிலேயே விலையில் கழித்துக்கொள்கிறார்.

அமெரிக்காவில் செருப்புத் தயாரிப்பு இயந்திரங்களில் கோலோச்சிய யுனைடெட் ஷூ மெஷினரி, தன் முக்கிய இயந்திரங்களை விற்காமல் நீண்ட குத்தகைக்கே விட்டுவந்தது. 1953இல் நீதிமன்றம் அதை ஏகபோகச் சட்டத்துக்கு விரோதம் என்று தீர்மானித்து, விற்கவும் முன்வர வேண்டும் என்று உத்தரவிட்டது. ஐ.பி.எம். நிறுவனத்துக்கும் 1956இல் அதே நிபந்தனை வந்தது. இந்தக் கணக்கு தெரிந்தவருக்கு அந்த உத்தரவுகள் வேறு அர்த்தம் தரும்: விற்கச் சொல்வதே விலையை இறக்கச் சொல்வதுதான். ஆனால் எல்லா வாடகைக்கும் இதையே காரணமாகச் சொல்லிவிட முடியாது. ஜெராக்ஸ் 914 இயந்திரம் மாதம் 95 டாலர் வாடகைக்கு விடப்பட்டது. 2,000 நகலுக்கு மேல் எடுத்தால் நகலுக்குத் தனிக் கட்டணம். அதிகம் பயன்படுத்துபவரிடம் அதிகம் வாங்கும் வசதியும் அதில் இருந்தது.

விற்றே ஆகவேண்டும் என்றால், பிறகு குறைக்கமாட்டோம் என்ற சொல்லுக்கு ஏதாவது பிணை வேண்டும். அச்சோவியக் கலைஞர்கள் குறிப்பிட்ட எண்ணிக்கைக்குப் பின் அச்சுத் தகட்டைக் கீறிக் கெடுத்துவிடுவது அப்படி ஒன்று. பின்னால் விலை இறங்கினால் வித்தியாசத்தைத் திருப்பித் தருவதாக எழுதிக்கொடுப்பது இன்னொன்று. முதல் ஐபோனின் 8 ஜிபி வகை 2007 ஜூன் 29 அன்று 599 டாலருக்கு வந்தது. செப்டம்பர் 5 அன்று விலை 399 ஆயிற்று. முன்பே வாங்கியவர்கள் கொதித்தார்கள். மறுநாளே ஸ்டீவ் ஜாப்ஸ் அவர்களுக்கு 100 டாலர் மதிப்புள்ள கடைக் கடன் தருவதாக அறிவித்தார். பெருந்தன்மை என்று அதைப் படிக்கலாம். அடுத்த முறை புதிய போன் வரும்போது எல்லோரும் 2 மாதம் காத்திருந்துவிடக்கூடாது என்ற கவலையும் அதில் இருந்திருக்கும்.

அவசரக்காரர்கள் நிறைந்த சந்தையில் இந்த இழப்பு சிறிது. ஆண்டுதோறும் புதிதாக வாங்குபவர்கள் வந்துகொண்டே இருந்தாலும் அப்படித்தான். வாங்குபவருக்கு அவ்வளவாகப் பிடிக்காத இன்னொரு வழியும் உண்டு. மேலே சொன்ன இயந்திரத்தை ஓராண்டே உழைக்கும்படி செய்துவிட்டால், ஆண்டுக்கு 50 பேருக்கு ரூ. 50,000 வீதம் விற்று, வாடகையில் வந்த அதே 50 லட்சத்தை எடுத்துவிடலாம். ஆனால் அதற்கு 100 இயந்திரம் செய்யவேண்டும். 2 ஆண்டு உழைக்கும் வகைக்கு 70 போதும். இதுவரை விட்டுவைத்த உற்பத்திச் செலவு இங்கே உள்ளே வருகிறது. அது சொற்பமாக இல்லாவிட்டால், கூடுதலாகச் செய்யும் 30 இயந்திரங்களே அந்த 5 லட்சத்தை விழுங்கிவிடும்.